பின்பக்கத்தில் யார் கையெழுத்து?

வக்கீல் அந்தப் புரோநோட்டை வாங்கி முதலில் முன்பக்கத்தைப் படித்தார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் என் அண்ணன் மகனின் கையெழுத்து சரியாக விழுந்திருந்தது. 2015 ஜூன் தேதி, தொகை 3 லட்சம். பிறகு திருப்பிப் பார்த்தார். அவன் நான்கு முறை பதினைந்து பதினைந்தாயிரமாகக் கொடுத்த பணத்தைத் தேதியோடு அதில் எழுதி வைத்திருந்தேன்.

"இது யார் எழுத்தும்மா?"

"நான்தான் எழுதினேன் சார். அவன் பணம் கொடுத்த அன்னைக்கே எழுதிருவேன்."

"அவர் கையெழுத்து ஒரு வரவுக்கும் இல்லையே?"

இல்லை. அது 2019. கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் உயிர். அதற்குள் கடன்காரர் கொஞ்சம் பணம் கட்டி, அதைத் தன் கையால் எழுதினால், அல்லது நாம் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம் கிடைக்கும். அவன் கடைசியாகக் கொடுத்தது 2018 ஜனவரியில். அன்று ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் 2021 ஜனவரி வரை என் தாள் செல்லும். வாங்காததால் 2018 ஜூனோடு காலாவதியாகிவிட்டது.

நான் மதுரையில் முப்பது வருடம் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவள். கணவருக்கு சைக்கிள் கடை. எங்கள் இருவருக்கும் பென்ஷன் கிடையாது. எங்களைப் போன்றவர்கள் வயசான காலத்துக்கு என்று ஒதுக்குவது மூன்று இடத்தில்தான்: சீட்டு, நகை, சொந்தக்காரர்களிடம் கைமாற்று. மூன்றிலும் எனக்கு நல்லதும் நடந்திருக்கிறது, அடியும் விழுந்திருக்கிறது. எங்கே பலம், எங்கே ஓட்டை என்று பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கடைசியில் எடுப்பவருக்குத்தான் லாபம், ஆபத்தும் அவருக்குத்தான்

எங்கள் தெருவில் ஓர் அம்மா ஏலச்சீட்டு நடத்தினார். 20 பேர், 20 மாதம், ஆளுக்கு 5,000, ஆக ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார். ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000-இல் சீட்டு நடத்துபவருக்கு 5,000 கமிஷன் போக, மீதி 20,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் நாம் 4,000 கட்டினால் போதும்.

நான் எப்போதும் கடைசிச் சீட்டுக்காரி. அதன் கணக்கு இதுதான். சராசரியாக மாதம் 18,000 தள்ளு போனால், இருபது மாதத்தில் எனக்கு வரும் கழிவு மொத்தம் 13,000. ஆக நான் கட்டுவது 87,000. கமிஷன் போகக் கடைசியில் கிடைப்பது 95,000. லாபம் 8,000. பணம் முழுவதும் முதல் நாளிலிருந்தே அங்கே இருக்கவில்லை, மாதாமாதம்தான் போய்ச் சேர்ந்தது என்பதால், வருடத்துக்கு 11 சதவீதத்துக்கு மேலேயே வருகிறது. கட்டாயச் சேமிப்பும் ஆயிற்று. சீட்டின் பலம் இது. நான் மறுக்கவில்லை.

2012-இல் பதினான்காவது மாதம் அந்த அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். சீட்டை எடுத்துவிட்ட பதினான்கு பேருக்கு நஷ்டம் இல்லை. எடுக்காத ஆறு பேரும் ஆளுக்கு ஏறக்குறைய 60,000 கட்டியிருந்தோம். 8,000 லாபத்துக்காக 60,000-ஐப் பணயம் வைத்தேன் என்பது அன்றுதான் உறைத்தது. கடைசியில் எடுப்பவருக்கு மாதம் ஆக ஆக லாபம் மட்டும் கூடவில்லை, மாட்டிக்கொள்ளும் தொகையும் கூடுகிறது.

எங்களுக்கு வரவேண்டிய பணம் உண்மையில் யாரிடம் இருந்தது? சீட்டு எடுத்த பதினான்கு பேரிடம். அவர்கள் மீதி ஆறு மாதமும் ஒழுங்காகக் கட்டினால் எங்கள் பணத்தின் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் யார் எடுத்தார், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்த அம்மாவின் நோட்டில்தான் இருந்தது. அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் எதுவும் எங்களிடம் இல்லை.

பதிவுச் சீட்டுக்கும் தெருச் சீட்டுக்கும் உள்ள வித்தியாசமே இந்த இடம்தான். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவாளரிடம் பதிந்து, ஒரு சீட்டுத் தொகைக்குப் பிணையம் வைத்த பிறகே தொடங்க வேண்டும். ஒப்பந்த நகல் ஒவ்வொருவருக்கும் தர வேண்டும். ஏலம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். எடுத்தவர் மீதித் தவணைக்கு ஜாமீன் தர வேண்டும். தகராறு வந்தால் பதிவாளரிடமே மனு கொடுக்கலாம். ஆனால் பிணையம் ஒரு சீட்டுத் தொகைக்கு மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கு மேல் பாக்கி. பிணையம் இருந்திருந்தாலும் ஒரு லட்சம்தான். ஆகவே பதிவும் முழுக் காப்பு இல்லை. விட்டதைத் தேடிப் போக ஒரு வழி, அவ்வளவுதான்.

பிறகு பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றில் 5 லட்ச ரூபாய்ச் சீட்டில் சேர்ந்தேன். அங்கே வேறொரு பாடம் கிடைத்தது. 2018-இல் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. சீட்டைத் தள்ளி எடுத்துவிட்டேன், ஆனால் பணம் வாங்க முடியவில்லை. மாதச் சம்பளக்காரர்களாக ஜாமீன் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சம்பளக்காரர்கள் எல்லாம் என் வயசுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், பெறப் போகிறவர்கள். நம் வயசு ஏறும்போது நமக்கு ஜாமீன் நிற்கக் கூடியவர்களின் வயசும் ஏறிவிடுகிறது. முதுமையில் சீட்டை ஆபத்துக்கு உதவும் பணமாக எண்ணக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நகை அன்று காப்பாற்றியது

அந்த வாரம் கைகொடுத்தது நகைதான். காலையில் வங்கிக்குப் போனேன், மதியத்துக்குள் பணம் கையில். ஜாமீன் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, யாரிடமும் கெஞ்சவும் இல்லை. நகையின் பலத்தை இதைவிட எப்படிச் சொல்வது?

ஆனால் மதிப்பீட்டாளர் தராசில் வைத்தபோது ஒன்று தெரிந்தது. ஐந்து பவுன் என்று இருபது வருடம் நான் நம்பியிருந்த கல் நெக்லஸ் 40 கிராம் இருந்தது. கல்லையும் உள்ளே இருந்த அரக்கையும் கழித்துவிட்டு 33 கிராம் என்று எழுதினார். ஏறக்குறைய ஒரு பவுன் காணாமல் போயிற்று. வாங்கியபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் அதற்கு முன்பே போனவை. பக்கத்தில் இருந்த வெறும் வளையல்களுக்கு எடையில் ஒன்றும் குறையவில்லை.

அதிலிருந்து முதுமைக்கென்று வாங்குவதை நான் கல் இல்லாத வளையல், கெட்டியான சங்கிலி என்று மட்டுமே வாங்கினேன். காசாக வாங்கலாமே என்பார்கள். விற்பதற்குக் காசு நல்லதுதான். அடகுக்கு அப்போது அப்படி இல்லை. கடையில் வாங்கிய காசின் பேரில் வங்கிகள் கடன் தரவில்லை, வங்கியே விற்ற காசுக்குத்தான் தந்தார்கள், அதுவும் ஓர் அளவு வரை. புதிதாக வாங்கும் நகையில் ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். அதை BIS Care செயலியில் தட்டிப் பார்க்கலாம். பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

நகையின் குறை வேறு. அது மாதம் ஒரு ரூபாய்கூடத் தராது. அரிசிக்கும் மாத்திரைக்கும் வளையலைத் துண்டு துண்டாக வெட்டி விற்க முடியாது. அடகு வைத்தால் வட்டி ஓடும். வருமானம் இல்லாத வயசில் வருடாவருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால், கடைசியில் நகை நம்முடையதாக இருக்காது. என் நகையை மீட்டது தையல் கூலி. அப்போது எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

சொந்தத்துக்குக் கொடுத்தது

அண்ணன் மகன் கெட்டவன் இல்லை. லோடு ஆட்டோ வாங்கப் பணம் கேட்டான். "அத்தை, ரெண்டு வருஷத்துல முடிச்சிருவேன்" என்றான். வட்டி வேண்டாம், வங்கிக்கே போகாமல் உடனே கிடைக்கும், நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் ஓடி வருவான். சொந்தக் கடனின் பலம் இதுதான். கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி முழித்துக் கிடந்தவனும் அவன்தான். அதனாலேயே கையெழுத்துக் கேட்க எனக்கு நா எழவில்லை. 2018 ஜூன் அப்படியே கடந்து போயிற்று.

தாள் செத்துவிட்டது என்று நான் அழுதபோது வக்கீல் ஒரு வழி சொன்னார். காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கடன்காரரே புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஆனால் அவர் மனசு வைத்தால்தான் நடக்கும்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. "சொந்தத்துக்குள்ள எதுக்குப் பத்திரமெல்லாம்?" என்றார். நான் சொன்னேன்: "மதினி, நான் திடீர்னு போயிட்டா, என் மக வந்து கேட்கும்போது நீங்க ரெண்டு பேரும் சண்டை போடக் கூடாது பாருங்க." அண்ணன் மகன் எழுந்து பேனா எடுத்து வந்தான். மீதி 2,40,000-க்குப் புதுத் தாள் எழுதி, மாதம் 5,000 வங்கிக் கணக்கில் போட ஒப்புக்கொண்டான். கொரோனாவில் வெகு நாள் நின்றது. வருடத்துக்கு ஒரு முறை தைப்பொங்கலுக்கு வரும்போது தாளின் பின்பக்கம் அதுவரை கட்டியதை அவனே எழுதிக் கையெழுத்துப் போடுவான். 2024 கடைசியில் முடிந்தது. வட்டி இல்லாமல் ஒன்பது வருடம்.

அவன் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஆகவே முதுமைக்கு வைத்த பணத்தில் சொந்தத்துக்குக் கொடுப்பதற்கு நான் ஓர் அளவு வைத்திருக்கிறேன்: திரும்பி வராவிட்டாலும் என் மாதச் செலவு நிற்கக் கூடாது. அதற்கு மேல் யார் கேட்டாலும் இல்லை.

அறுபதில் மாற்றியது

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. இவை சம்பாதிக்கிற வயசில் பணம் சேர்க்க உதவுகின்றன. உட்கார்ந்து சாப்பிடுகிற வயசுக்கு உதவ, அந்தப் பணம் யார் தயவும் இல்லாமல் தேதி தவறாமல் வர வேண்டும். 2023-இல் அறுபது முடிந்தது. அதற்கு முன்பே கடைசிச் சீட்டை முடித்துக்கொண்டேன், புதிதாகச் சேரவில்லை. அதில் வந்ததோடு கொஞ்சம் சேர்த்து 5 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். நான் போட்டபோது வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருடத்துக்கு மாறாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10,250 வருகிறது. சீட்டில் வந்ததைவிடக் குறைவு. ஆனால் யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். வெறும் வளையல்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று இருக்கின்றன.

போன மாதம் மகள் வந்தாள். பேரனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், இரண்டு வளையல் தந்தால் அடகு வைத்துக்கொள்கிறேன் என்றாள். கொடுத்தேன். ஆனால் நானே வங்கிக்குக் கூடப் போய் என் பெயரில் வைத்தேன். வட்டி கட்டச் சொல்லியும் ஏலத்துக்கு முன்னாலும் வங்கி எழுதுவது யார் பெயரில் அடகு இருக்கிறதோ அவருக்குத்தான். அவள் பெயரில் இருந்தால், ஒரு தவணை தவறினாலும் எனக்குக் கடைசியில்தான் தெரியும். வங்கி தந்த அடகு ரசீதைத் தபால் நிலைய பாஸ்புக்கோடு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மீட்க வேண்டிய தேதியை காலண்டரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள் மகள், அவள் கையாலேயே.