பவர் பத்திரம்: அதிகாரம் எதுவரை?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அங்கத்தினர் ஒருவர், ஊரிலுள்ள தம் 2 ஏக்கர் நஞ்சையைக் கவனிக்கத் தம்பிக்கு ஆங்கிலத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பியிருக்கிறார் என்று கொள்வோம். தம்பி அதைக் காட்டி, அந்நிலத்தை ஈடு வைத்துச் சங்கத்தில் கடன் கேட்கிறார். கொடுக்கலாமா?

பத்திரத்தின் முக்கிய ஷரத்துக்களைத் தமிழில் பெயர்த்தால் பின்வருமாறு அமையும்:

1. "மேற்படி நிலத்தை நிர்வகிக்கவும், குத்தகைக்கு விடவும், குத்தகை வசூலித்து ரசீது கொடுக்கவும்,

2. அது சம்பந்தமாகக் கோர்ட்டில் வழக்குத் தொடரவும், எதிர்வழக்காடவும், வக்கீல் நியமிக்கவும்,

3. பொதுவாக, மேற்சொன்ன காரியங்களுக்கு அவசியமான சகல செயல்களையும் நானே நேரில் செய்வதுபோல் செய்யவும் என் முகவராக இவரை நியமிக்கிறேன்.

4. இப்பத்திரத்தின் பலத்தால் முகவர் சட்டப்படி செய்பவற்றையெல்லாம் நானே செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்."

ஆங்கிலப் பத்திரத்தில் வரும் 'அட்டர்னி' என்ற சொல்லை வக்கீல் எனப் பெயர்க்கலாகாது. இங்கு அது முகவரையே, அதாவது முக்தியாரையே குறிக்கும்.

தம்பி 3-வது ஷரத்தைச் சுட்டி, "சகல செயல்களும் என்றிருக்கிறதே" என்பார். ஆனால் அதற்கு முன்னுள்ள "மேற்சொன்ன காரியங்களுக்கு அவசியமான" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். மேற்சொன்னவை நிர்வாகமும் குத்தகையும் வழக்குமே. வரப்பைச் செப்பனிட ஆள் வைப்பது அவற்றுள் அடங்கும். கடன் வாங்குவதும் ஈடு வைப்பதும் அடங்கா. பவர் பத்திரத்தைக் கோர்ட்டுகள் எழுத்துக்கு மிஞ்சி விரித்துப் படிப்பதில்லை. கிரயம் செய்ய அதிகாரம் தந்திருந்தாலும், அதிலிருந்து தானம் செய்யும் அதிகாரம் பிறவாது. 4-வது ஷரத்தும் உதவாது. பத்திரத்தின் பலத்தால் செய்தவற்றையே அது ஏற்கிறது.

இதைக் கவனியாமல் கடன் கொடுத்தால், தமையன் பின்னர் ஏற்றுக்கொண்டாலன்றி ஈடு அவரைக் கட்டுப்படுத்தாது. நிலத்தின்மேல் சங்கத்திற்குப் பாத்தியம் இராது. தம்பியைத் தொடர்ந்தே பணத்தைத் தேட நேரும்.

ஆகவே, "கடன் வாங்கவும், இந்நிலத்தை ஈடு வைத்துப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்யவும்" என்று வெளிப்படையாகக் கூறும் புதிய பத்திரத்தைக் கேட்க வேண்டும். தமையன் அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியக் கான்சல் முன்னிலையில் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற்று அனுப்பலாம். இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்துதல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முகவருக்கே அச்சொத்தில் சொந்த பாத்தியம் இருந்தாலொழிய, எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அதிகாரம் முடிவடையும்; உயிருடனிருக்கையில் அவர் அதை ரத்துச் செய்யவும் கூடும். ரத்து, மரணம் எதுவாயினும் அச்செய்தி தெரியாமல் நடந்துகொண்ட பிறருக்குச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. தெரிந்த பின் கொடுத்த கடனுக்கு அது கிடையாது. எனவே ஈட்டுப் பத்திரம் எழுதும் தறுவாயில், தமையன் உயிருடனிருப்பதையும் பவர் அமலிலிருப்பதையும் காட்டும் அண்மைக் கடிதமொன்றை அவரிடமிருந்தே பெற்றுக் கட்டில் சேர்த்துக்கொள்க.