தொடரைத் தமிழாக்கல்

நுழையும்முன்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் தாளில் உள்ள தொடரைப் படிப்பவர், படித்தவுடன் ஒரு முடிவு எடுக்க வேண்டியவர். ‘இம்மருந்தை நான் உட்கொள்ளலாமா, கூடாதா?’ என்பதே அவர் கேள்வி. ஆங்கிலத்தில் தெளிவாக இருந்த விடை தமிழில் மங்கிப்போனால், அவர் உடல்நலம் கெட நேரும். அத்தகைய தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனை இயல்பான தமிழாக்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

சொல்லுக்குச் சொல்

ஆங்கிலத் தொடரின் சொற்களை, அவை நிற்கும் வரிசை மாறாமல், தமிழில் தந்தால் இவ்வாறு அமையும்:

இந்த மருந்து – கூடாது – உட்கொள்ளப்பட – நோயாளிகளால் – யார் – கொண்டிருக்கிறார்களோ – ஒரு வரலாறு – கல்லீரல் நோயின் – ஒழிய – அது – எழுதித் தரப்பட்டால் – ஒரு மருத்துவரால்.

இச்சொற்களைத் தமிழின் வேற்றுமை உருபுகளால் இணைத்து எழுதும் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் இவ்வாறு எழுதிவிடுகிறார்:

“இந்த மருந்தானது, யார் கல்லீரல் நோயின் ஒரு வரலாற்றைக் கொண்டிருக்கிறார்களோ அந்த நோயாளிகளால், அது ஒரு மருத்துவரால் எழுதித் தரப்பட்டால் ஒழிய, எடுக்கப்படக் கூடாது.”

இத்தொடரில் இலக்கணப் பிழை என்று சுட்டத்தக்கது ஏதுமில்லை. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச்சொல் இருக்கிறது. ஆயினும் ஒருமுறை படித்தவருக்குப் பொருள் விளங்குவதில்லை. இத்தொடரில் நான்கு முடிச்சுகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

பெயருக்கு முன்வரும் அடை

‘நோயாளிகள்’ என்னும் பெயரை ஆங்கிலம் முதலில் சொல்லிவிடுகிறது. அவர்கள் எத்தகையவர்கள் என்னும் விளக்கத்தைப் பின்னர்ச் சேர்க்கிறது. தமிழோ விளக்கத்தை முன்வைத்துப் பெயரைப் பின்வைக்கும் இயல்புடையது. ‘நேற்று வந்த மாணவர்’, ‘மழையில் நனைந்த புத்தகம்’ என்பவற்றில் ‘வந்த’, ‘நனைந்த’ என்னும் பெயரெச்சங்கள் பெயருக்கு முன் நிற்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் பெயரையும் விளக்கத்தையும் இணைக்கும் ‘ஹூ’, ‘விச்’ போன்ற சொற்களின் வேலையைத் தமிழில் பெயரெச்சமே செய்துவிடுகிறது. அவற்றுக்கு ஈடாக ‘யார்’, ‘எது’ என்று தனிச்சொல் தேட வேண்டியதில்லை.

பெயரெச்சத்தை இன்னும் சுருக்கி வினையாலணையும் பெயராகவும் ஆக்கலாம். ‘நோய் வந்த நோயாளிகள்’ என்பதைவிட ‘நோய் வந்தவர்கள்’ என்பது செறிவானது. இங்கு அது பொருளையும் திருத்தமாக்குகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கல்லீரல் நோய் வந்து குணமான ஒருவர், இன்று தம்மை நோயாளி என்று கருதமாட்டார். ‘நோயாளிகள்’ என்று எழுதினால் அந்த எச்சரிக்கை தமக்கன்று என அவர் எண்ணக்கூடும். ‘வந்தவர்கள்’ என்று எழுதினால் அது அவரையும் குறிக்கும்.

‘யார்… அவர்’ என்னும் அமைப்பு தமிழுக்கு அயலானது என்று கருதிவிடலாகாது. ‘யார் முதலில் வருகிறாரோ அவருக்கே பரிசு’ என்பது நல்ல தமிழே. இன்னார் என்று முன்கூட்டியே சொல்ல இயலாத இடத்தில் அது பொருந்தும். பெயரெச்சம் போதுமான இடத்தில் அதனைப் பயன்படுத்தும்போதுதான் தொடர் கனக்கிறது.

‘ஆல்’ என்பதும் ‘படு’ என்பதும்

அடுத்த முடிச்சு, ‘நோயாளிகளால் எடுக்கப்படக் கூடாது’ என்னும் செயப்பாட்டு வினை. ஆங்கிலம் மருந்தை எழுவாயாக்கித் தொடரைத் தொடங்குகிறது. அதனால் வினையும் செயப்பாட்டு வினையாகிறது. தமிழுக்கு அந்தத் தேவை இல்லை. ‘மருந்தை’ என இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்ற சொல் தொடரின் முதலிலும் நிற்கலாம், இடையிலும் நிற்கலாம். எனவே, செய்வினையிலேயே ‘மருந்தை உட்கொள்ளக் கூடாது’ என்று சொல்லிவிடலாம்.

இங்கு ‘ஆல்’ உருபு மற்றோர் இடையூற்றையும் உண்டாக்குகிறது. ‘என்னால் முடியாது’, ‘அவரால் நடக்க இயலவில்லை’ என்று இயலுமை குறித்து ‘ஆல்’ உருபைப் பயன்படுத்துவது நம் அன்றாட வழக்கு. ஆகவே ‘நோயாளிகளால்’ என்று கேட்டதும் காது ‘முடியும்’ அல்லது ‘முடியாது’ என்பதை எதிர்பார்க்கிறது. ‘கூடாது’ என்னும் சொல்லுக்கு இயலாது என்னும் பொருளும் உண்டு. எனவே, விலக்காகச் சொல்லப்பட்டதை இயலாமையாகப் புரிந்துகொள்ளவும் இடமுண்டு. ‘நோய் வந்தவர்கள் உட்கொள்ளக் கூடாது’ என்று எழுதினால் அந்த ஐயத்திற்கு இடமில்லை.

‘எடுக்க’ என்பதையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மருந்துக்கு வரும் ‘டேக்’ என்னும் வினையின் நேர்பொருள் அது. பேச்சில் ‘மருந்து சாப்பிட்டாயா?’ என்கிறோம், எழுத்தில் ‘உட்கொள்ளுதல்’ என்கிறோம். ‘மருந்தை எடுக்கக் கூடாது’ என்பது, அலமாரியிலிருந்து எடுப்பதைத் தடுப்பதாகவும் பொருள்படும்.

செயப்பாட்டு வினை எங்கும் வேண்டாதது அன்று. செய்தவர் யார் என்பது தெரியாதபோதோ, சொல்லத் தேவையில்லாதபோதோ அது பொருந்துகிறது. ‘தஞ்சைப் பெரியகோயில் 1010 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது’ என்னும் தொடரில் ஆண்டே முதன்மை. கட்டியவரைச் சொல்ல வேண்டுமாயின், ‘இராசராச சோழனால் கட்டப்பட்டது’ என்பதைவிட ‘இராசராச சோழன் கட்டியது’ என்பதே இயல்பாக ஒலிக்கிறது.

சொல்லின் பொருள் இடத்தைப் பொறுத்தது

மூன்றாம் முடிச்சு ‘கல்லீரல் நோயின் ஒரு வரலாறு’. ‘ஹிஸ்டரி’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் முதற்பொருள் வரலாறு. மருத்துவத்தில் அது, ஒருவருக்கு இதுவரை வந்த நோய்களைப் பற்றிய விவரத்தைக் குறிக்கிறது. தமிழில் ஒருவர் நோயின் வரலாற்றைக் ‘கொண்டிருப்பதில்லை’. அவருக்கு நோய் ‘வந்திருக்கிறது’ அல்லது ‘இருக்கிறது’. ஆங்கிலத்தில் உடைமை வினையால் சொல்லப்படும் பலவற்றைத் தமிழ் நான்காம் வேற்றுமையால் சொல்கிறது. ‘எனக்குக் காய்ச்சல்’, ‘அவருக்கு இரண்டு மகள்கள்’ என்பவை காட்டுகள்.

இங்கு இன்னொரு பக்கம் சறுக்கவும் வழியுண்டு. இயல்பாக எழுதும் ஆர்வத்தில் ‘கல்லீரல் நோய் உள்ளவர்கள்’ என்று மட்டும் எழுதிவிட்டால், தொடர் இனிமையாக இருக்கும், பொருள் குறைந்துவிடும். முன்பு நோய் வந்து குணமானவர் விடுபட்டுப்போவார். ஆங்கிலச் சொல் இருசாராரையும் தழுவுகிறது. ஆதலின் ‘கல்லீரல் நோய் உள்ளவர்களும் முன்பு எப்போதேனும் அந்நோய் வந்தவர்களும்’ என விரித்து எழுதுவதே முறை. சொற்களின் எண்ணிக்கை கூடினாலும் பொருளின் அளவு மாறவில்லை.

‘ஒரு வரலாறு’, ‘ஒரு மருத்துவர்’ என்பவற்றில் உள்ள ‘ஒரு’ ஆங்கில இலக்கணத்தின் தேவைக்காக வந்தது. தமிழில் எண்ணிக்கையை வற்புறுத்தவும், ‘ஏதோ ஒரு’ என்னும் பொருளைத் தரவும் ‘ஒரு’ வரும். இத்தொடரில் அவ்விரண்டுக்கும் வேலை இல்லை, ஆகவே விட்டுவிடலாம்.

எச்சம் தேடும் வினை

நான்காம் முடிச்சு, ஆங்கிலத்தில் ‘அன்லெஸ்’ என்று தொடங்கும் விதிவிலக்கு. ‘மருத்துவர் எழுதித் தந்தாலன்றி’ என்றோ, எளிமையாக ‘மருத்துவர் எழுதித் தராமல்’ என்றோ அதனைச் சொல்லலாம். சொல்லைவிட அதன் இடமே இங்கு முதன்மையானது. வினையெச்சம் தான் முடியும் வினையைத் தேடிச் செல்லும். வழியில் முதலில் எதிர்ப்படும் வினையுடன் படிப்பவர் அதனை இணைத்துவிடுவார்.

“மருத்துவர் எழுதித் தராமல் கல்லீரல் நோய் வந்தவர்கள் இம்மருந்தை உட்கொள்ளக் கூடாது” என்னும் தொடரைப் பாருங்கள். மருத்துவர் எழுதித் தராததால்தான் நோய் வந்தது போன்ற மயக்கம் தோன்றுகிறது. ‘எழுதித் தராமல்’ என்பது ‘வந்தவர்கள்’ என்பதைத் தாண்டி ‘உட்கொள்ள’ என்பதை அடைய வேண்டியிருக்கிறது. எச்சத்தை அதற்குரிய வினைக்கு அருகில் வைத்தால் மயக்கம் நீங்கும்:

“கல்லீரல் நோய் உள்ளவர்களும் முன்பு எப்போதேனும் அந்நோய் வந்தவர்களும், மருத்துவர் எழுதித் தராமல் இம்மருந்தை உட்கொள்ளக் கூடாது.”

இதுவே நாம் தேடிய தமிழ்த்தொடர். இதனை இரண்டு தொடர்களாகப் பிரித்தும் எழுதலாம்: “கல்லீரல் நோய் உள்ளவர்களும் முன்பு எப்போதேனும் அந்நோய் வந்தவர்களும் இம்மருந்தைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே உட்கொள்ளலாம்.” மூலத்தில் ஒரே தொடர் என்பதற்காகத் தமிழிலும் ஒரே தொடராக அமைக்க வேண்டும் என்பதில்லை. விலக்கும் விதிவிலக்கும் தனித்தனியே தெளிவாக நிற்பதால், மருந்துத்தாளுக்கு இவ்வடிவம் மிகவும் ஏற்றது.

சரிபார்த்தல்

தமிழாக்கம் முடிந்ததும் மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழ்த்தொடரை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு தடைப்படும் இடத்திலும், பொருளுக்காகத் திரும்பிச் சென்று படிக்க நேரும் இடத்திலும் ஆங்கில வரிசை இன்னும் எஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். பின்னர் ஆங்கிலத்தைப் பாராத ஒருவரிடம் தொடரைத் தந்து மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எவர் உட்கொள்ளக் கூடாது? குணமானவருக்கு இது பொருந்துமா? எப்போது உட்கொள்ளலாம்? அவர் தரும் விடைகளை மூலத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்விட்டுப் படித்தல் தமிழின் இயல்பைச் சோதிக்கிறது. வினாக்கள் பொருளின் நிறைவைச் சோதிக்கின்றன. ஒன்றில் மட்டும் தேறிய தமிழாக்கம் முழுமையானதாகாது.

கற்பவை கற்றபின்…

1. “இந்த மருந்தானது குழந்தைகளின் எட்டுதலுக்கு வெளியே வைக்கப்பட வேண்டும்” என்னும் தொடரை இயல்பான தமிழில் மாற்றி எழுதுக. நீக்கிய சொற்களுக்குக் காரணம் கூறுக.

2. “யார் இந்த மருந்தை உட்கொள்கிறார்களோ அவர்களால் வாகனம் ஓட்டப்படக் கூடாது” என்னும் தொடரில் உள்ள முடிச்சுகளைக் கண்டறிந்து, திருத்தி எழுதுக.

3. வீட்டில் உள்ள பொருள் ஒன்றின் உறையில் அச்சிட்டுள்ள தமிழ் அறிவுரைத் தொடரைப் படித்து, அது படித்தவுடன் விளங்குகிறதா என ஆராய்க. விளங்கவில்லையெனில், எந்தச் சொல் எந்த இடத்தில் நிற்பதால் விளங்கவில்லை என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.