இடைப்புகு தொடரும் வினைமுடிபும்

ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் ஒருமையாயின் வினையும் ஒருமை. எழுவாய் பன்மையாயின் வினையும் பன்மை. இவ்விதியை மாணவர் யாவரும் அறிவர். எனினும், எழுவாய்க்கும் வினைக்கும் இடையே 'அலோங் வித்', 'அஸ் வெல் அஸ்' போன்றதொரு தொடர் புகுந்துவிட்டால், விதியறிந்தவரும் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றத்தின் காரணத்தையும் அது நீங்கும் வழியையும் ஈண்டு நோக்குவாம்.

'தி பாமர், அலோங் வித் ஹிஸ் சன்ஸ், இஸ் இன் தி பீல்ட்' என்பது சரியான வாக்கியம். கமக்காரன் தன் புதல்வரோடு வயலில் நிற்கின்றான் என்பது பொருள். வயலில் நிற்போர் பலராயிருக்க, 'ஆர்' என்னாது 'இஸ்' என்றது ஏன் என மாணவர் வினவுவர். விடை நம் தமிழிலேயே உண்டு. 'கமக்காரன் புதல்வரோடு நிற்கின்றான்' என்றே நாம் சொல்லுகின்றோம், 'நிற்கின்றார்கள்' என்பதில்லை. 'புதல்வரோடு' என்பது மூன்றாம் வேற்றுமை. வேற்றுமை உருபேற்ற பெயர் எழுவாயாகாது. ஓடு உருபு உயர்ந்ததன் மேல் வரும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும். அதன்படி 'ஆசிரியரோடு மாணவர்கள் வந்தனர்' என்னும்பொழுதும், சிறப்புடையவர் ஆசிரியரே ஆயினும், வினை மாணவர்களையே தழுவுகின்றது. 'அலோங் வித்', 'ருகெதர் வித்', தனித்த 'வித்' ஆகிய மூன்றும் நம் ஓடு உருபின் தொழிலையே செய்வன.

'அஸ் வெல் அஸ்' சற்று வேறானது. பிழை பெரும்பாலும் இதன்கண்ணே நிகழ்கின்றது. மாணவர் இதனை எண்ணும்மையாகக் கொண்டு, 'ஏயும் பீயும்' என மொழிபெயர்த்து, உடனே பன்மை வினையை இட்டுவிடுகின்றனர். உண்மையில் 'ஏ அஸ் வெல் அஸ் பீ' என்பதன் பொருள், 'பீ மட்டுமன்று, ஏயும்' என்பதாம். பின்னின்றது முன்பே தெரிந்த செய்தி; முன்னின்றதே புதிதாகச் சொல்லப்படுவது. ஆதலின் வினை முன்னின்ற பெயரையே தழுவும்.

ஓர் உதாரணத்தைப் படிப்படியாக ஆராய்வாம். குளங்கள் நிறைந்த நம் வன்னிக்கு ஏற்ற வாக்கியம் இது: 'தி பண்ட், அஸ் வெல் அஸ் தி சனல்ஸ், ... றிப்பெயர்ட்.' கோடிட்ட இடத்தில் வருவது 'வாஸ்' என்பதோ, 'வேர்' என்பதோ? முதலில், இரு காற்புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தொடரை விரலால் மறைக்க. எஞ்சுவது 'தி பண்ட் ... றிப்பெயர்ட்'. அடுத்து, திருத்தப்பட்டது யாது என வினவுக. அணைக்கட்டு என்பது விடை, அது ஒருமை. எனவே 'வாஸ்' என்பதே முடிபு. வாய்க்கால்கள் மட்டுமன்றி அணைக்கட்டும் திருத்தப்பட்டது என்பது பொருள். இனி இரு பெயர்களையும் இடம் மாற்றி, 'தி சனல்ஸ், அஸ் வெல் அஸ் தி பண்ட்' எனத் தொடங்கினால், எழுவாய் பன்மையாகி 'வேர்' என முடியும். திருத்தப்பட்ட பொருள்கள் மாறவில்லை, எழுவாயே மாறிற்று.

மாணவரை மயக்குவது வினைக்கு அண்மையில் நிற்கும் பன்மைப் பெயர். 'சனல்ஸ்' என்னும் ஒலி காதில் நிற்க, கை தானே 'வேர்' என எழுதிவிடும். காற்புள்ளி இடாது எழுதப்பட்ட வாக்கியத்தில் இம்மயக்கம் மிகும். அங்கு இடைத்தொடர் தொடங்குமிடத்தையும் முடியுமிடத்தையும் நாமே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வேறுபாடு பரீட்சைப் புள்ளியோடு முடிவதன்று. ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பில் 'தி செக்றிற்றறி அண்ட் தி மெம்பேர்ஸ் ஆர் றெஸ்பொன்சிபிள்' என எழுதினால், பொறுப்பு எல்லார்க்கும் சமமாக உரைக்கப்படுகின்றது. 'அண்ட்' என்பதை நீக்கி 'அலோங் வித்' என்பதை இட்டு, 'இஸ்' என முடித்தால், செயலாளரே முன்னிறுத்தப்படுகின்றார், உறுப்பினர் உடன்நிற்போராகின்றனர். சமபொறுப்பைக் கருதுவோர் 'அண்ட்' என்றே எழுதுதல் தக்கது.

இவ்விதிக்கு எல்லையும் உண்டு. 'கேம்', 'வில்' போன்ற வினைகள் ஒருமை பன்மைக்கு வேறுபடா. ஆதலின் அவ்விடங்களில் ஐயமே எழாது. 'ஐதர்–ஓர்', 'நைதர்–நோர்' என்பவற்றிற்கு இவ்விதி பொருந்தாது; அவற்றில் வினை தனக்கு அண்மையிலுள்ள பெயரைத் தழுவுதலே வழக்கு. முற்கால ஆங்கில நூல்களில் 'வித்' தொடரின்பின் பன்மை வினை வருதலையும் காணலாம். எனினும், இக்காலத்துத் திருந்திய எழுத்தில் ஒருமையே கொள்ளப்படும். 'ஐ அஸ் வெல் அஸ் ஹீ' எனத் தொடங்கின் விதிப்படி 'அம்' வருதல் வேண்டும். அது செவிக்கு இனிதன்று. அவ்விடத்து 'ஹீ அண்ட் ஐ ஆர்' என மாற்றி எழுதுதலே நன்று.