சதுர அடியில் வரும் கறையான் விலை

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் கறையான் மருந்தடிக்க மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டால், மூன்று விதமான தாள் கைக்கு வரும். ஒன்றில் சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்றிருக்கும். இன்னொன்றில் சுவர் நீளத்துக்கு, அடிக்கு இத்தனை என்றிருக்கும். மூன்றாவதில் வீட்டுக்கு மொத்தமாக ஒரே தொகை. அதற்குக் கீழே ஒரு வருட வாரண்டி, மூன்று வருடம், ஐந்து வருடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் கடைசித் தொகையையும் வாரண்டி வருடத்தையும் மட்டும் பார்த்து ஆளைக் கூப்பிட்டுவிடுகிறோம். அப்படிப் பார்ப்பதற்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: சதுர அடிக்குக் குறைந்த விலை சொன்னவரே மலிவு.

கொசுவுக்கோ கரப்பானுக்கோ மருந்தடிக்க வந்தால் தரைப்பரப்பை வைத்து விலை பேசலாம். மண்ணுக்கடியிலிருந்து ஏறி வரும் கறையானுக்கு அந்தக் கணக்கு உதவாது. தரை சுவரோடு சேரும் விளிம்பில், சிமெண்டில் விழும் மயிரிழை விரிசல் வழியாகத்தான் அது நுழைகிறது. ஆகவே அந்த விளிம்பு நெடுகத் துளை போட்டு, மருந்துக் கலவையைக் கீழே மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். வேலையின் அளவு அந்த விளிம்பின் நீளம்தான். நடுக்கூடம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும் அங்கே துளை விழப் போவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெள்ளித் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை; சந்தை விலை அல்ல. இடையில் அமைந்த ஒற்றை மாடி டெரெஸ் வீடு, 20 அடி அகலம், 65 அடி நீளம். தரைப்பரப்பு 1,300 சதுர அடி. முதல் கம்பெனி அதைச் சொல்லி, மொத்தம் 1,000 வெள்ளி, ஐந்து வருட வாரண்டி என்கிறது. இரண்டாவது கம்பெனி நீள அடிக்கு 6 வெள்ளி என்று 1,500 வெள்ளி கேட்கிறது. பார்த்த மாத்திரத்தில் முதலாவதுதான் லாபம்.

இப்போது இரண்டு பேரையும் வீட்டுப் படத்தில் எங்கெங்கே துளை போடுவீர்கள் என்று கோடு கிழிக்கச் சொல்லுங்கள். இரண்டாமவர் முன்பக்கம் 20, பின்பக்கம் 20, அண்டை வீட்டோடு பொதுவாக உள்ள இரண்டு சுவர்களின் உட்புறம் 130, உள்ளறைச் சுவர்கள் 60, பழைய வீடும் பின்னால் நீட்டிக் கட்டிய குசினியும் சேரும் இடம் 20 என்று மொத்தம் 250 அடி காட்டுகிறார். முதல் கம்பெனிக்காரர் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மட்டும் காட்டுகிறார். அது 40 அடி. ஆயிரம் வெள்ளியை நாற்பதால் வகுத்தால் அடிக்கு 25 வெள்ளி. மலிவு என்று நினைத்தது நான்கு மடங்கு விலையாகிவிட்டது.

குசினி சேரும் அந்த 20 அடியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நம் தாமான்களில் பின்பக்கம் நீட்டிக் கட்டாத வீடு அபூர்வம். பழைய தரையும் புதிய தரையும் வேறு வேறு காலத்தில் போட்டவை. புதியது சற்றே இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். மேலே டைல்ஸ் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கறையானுக்கு அது திறந்து வைத்த கதவு. குசினிக் கபினெட்டின் பின்பலகைதான் முதலில் போகும். அந்த இணைப்பைக் குறிப்பிடாத விலைத் தாளைத் திருப்பிக் கொடுத்து, அதைச் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

துளைகளை வேலை முடிந்த பிறகும் எண்ணிப் பார்க்கலாம். சுண்டுவிரல் பருமனில், ஏறக்குறைய 12 மில்லிமீட்டரில், டைல்ஸ் இடுக்கிலோ சுவர் ஓரத்திலோ வரிசையாக இருக்கும். வெள்ளைச் சிமெண்டால் அடைத்திருப்பார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று என்று ஒத்துக்கொண்டிருந்தால் 250 அடிக்குச் சுமார் 167 துளைகள் வர வேண்டும். கலவையும் கணக்கில் வரும். மண்ணில் செலுத்தும் மருந்துகளின் லேபிளில் பொதுவாக ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 லிட்டர் என்ற அளவு இருக்கும். 250 அடி என்பது 76 மீட்டர். ஆக, 380 லிட்டர். இருநூறு லிட்டர் பீப்பாய் இரண்டு கிட்டத்தட்டக் காலியாக வேண்டும். தோளில் மாட்டும் 16 லிட்டர் பம்ப் ஒன்றோடு வந்து, அரை மணி நேரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், மண்ணில் தடுப்பு எதுவும் உண்டாகவில்லை என்று அர்த்தம். லேபிளில் நூறு பங்குக்கு ஒரு பங்கு கலக்கச் சொல்லியிருந்தால், இந்த வீட்டுக்கு மட்டும் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவான மருந்து செலவாகும். விலையைப் பிடித்து இழுத்தால் முதலில் குறைவது இந்த மருந்துதான்.

தோட்டத்துப் பழைய லயத்து வீடுகளுக்கு, அதாவது தூண்மேல் நிற்கும் பலகை வீடுகளுக்கு, இந்த நீள அடிக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு தூணடி மண்ணையும் கவனிக்க வேண்டும். எத்தனை தூண் என்பதுதான் அளவு. தூணில் ஏறும் மண்பாதை வெளியே தெரியும் என்பது அந்த வீடுகளுக்குப் பெரிய வசதி.

நம்பிக்கை: மூக்கைத் துளைக்கும் நெடி இருந்தால்தான் மருந்துக்கு வீரியம்.

பைபென்திரின் போன்ற சில மருந்துகள் கறையானை விரட்டும் வகை. கறையான் மருந்துபட்ட மண்ணைத் தொடாமல் ஒதுங்கி, மருந்து படாத இடைவெளியைத் தேடிப் போகும். ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவை விரட்டாத வகை. கறையானுக்கு அவை இருப்பதே தெரியாது. அந்த மண்ணுக்குள் நடந்து, மருந்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு, கூட்டாளிகளுக்கும் கடத்திவிட்டுச் சாகும். நமக்கும் நெடி பெரிதாகத் தெரியாது. எங்கோ ஓரிடம் விடுபட்டுத்தான் போகும் என்பதால், ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் ஃபிப்ரோனில் மீனுக்கும் தேனீக்கும் கடும் நஞ்சு. கிணறோ பாரிட்டோ வீட்டை ஒட்டி இருக்கும் தாழ்ந்த நிலத்தில் மண்ணில் மருந்து செலுத்தும் முறையையே யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றால் முதல் வேலை சரியில்லை.

மண்ணில் செலுத்தும் முறையில், மறுவருகை என்பது சோதனை. பெய்ட் எனப்படும் இரை முறையில் மறுவருகைதான் வேலையே. கறையான் நடமாடும் இடத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தி, குளோர்ஃபுளூவாசுரான் போன்ற மருந்து கலந்த இரையை உள்ளே வைப்பார்கள். அது உடனே கொல்லாது. கறையான் தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். வேலைக்காரக் கறையான்கள் அதைத் தின்று, வாய்வழியாகக் கூட்டுக்குள் பகிர்ந்து, சில வாரங்களில் கூடு முழுவதும் அடங்கும். இரை தீர்ந்துபோய்ப் பெட்டி காலியாகக் கிடந்தால் அவை வேறு பக்கம் போய்விடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது ஆள் வந்து திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். இந்த வருகைகளுக்குத்தான் பெரும்பகுதிப் பணம். ‘பெய்ட்டிங், இரண்டு வருகை’ என்று மலிவாக எழுதிய தாள், பாதியில் நின்றுபோகும் வேலைக்கான தாள். ‘கூடு அடங்கும்வரை வருகை, அதன்பின் இத்தனை மாதச் சோதனை’ என்று எழுதி வாங்குங்கள்.

அந்த நாட்களில் வீட்டார் கெடுத்துவிடும் காரியம் ஒன்று உண்டு. பெட்டிக்குப் பக்கத்தில் கறையானைப் பார்த்ததும் அலமாரியில் இருக்கும் கொசு மருந்தை எடுத்து அடிப்பது. நாலு கறையான் சாகும், மற்றவை அந்த வழியையே விட்டுவிடும், இரை வீணாகும்.

இரை எல்லாக் கறையானுக்கும் பொதுவும் அல்ல. தீபகற்ப மலேசியாவில் வீடுகளை அதிகம் தாக்குவது கோப்டோடெர்மஸ் கெஸ்ட்ரோய். மண்பாதையைச் சிறிது உடைத்து, ஓடிவரும் சிப்பாய்க் கறையானைக் குச்சியால் தொட்டால், தலை முனையில் பால் போன்ற வெள்ளைத் துளி வரும். அது இரையை நன்றாகத் தின்னும். சிப்பாய் உருவத்தில் பெரியதாக இருந்து, புற்று கட்டும் மேக்ரோடெர்மஸ் வகையானால், அது தன் கூட்டில் பூஞ்சை வளர்த்துத் தின்பது; பெட்டியிலுள்ள இரையைப் பெரும்பாலும் சீண்டாது. அந்த வீட்டுக்கு இரண்டாயிரம் வெள்ளி இரைத் திட்டத்தைவிட மண்ணில் மருந்தும் புற்றை ஒழிப்பதும்தான் பலன் தரும். வந்து பார்த்தவர் எந்தக் கறையான் என்று சொல்லாமல் முறையை மட்டும் சொன்னால், அவருடைய விலை எதை அடிப்படையாகக் கொண்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: ஐந்து வருட வாரண்டி என்றால் ஐந்து வருடம் கறையான் வராது.

வாரண்டி என்பது மருந்தின் ஆயுள் அல்ல, கம்பெனி கொடுக்கும் வாக்கு. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் மண்ணில் மருந்து மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும்; தாளில் வருடத்தைக் கூட்டி எழுதுவதால் அது நிற்காது. பெரும்பாலான வாரண்டித் தாள்கள் சொல்வது, கறையான் திரும்பி வந்தால் மறுபடி மருந்தடித்துத் தருவோம் என்பதை மட்டுமே. அரித்துப்போன கதவு நிலைக்கும் கபினெட்டுக்கும் பணம் கிடைக்காது. அதிலும் ‘மருந்தடித்த இடத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். மேலே சொன்ன 40 அடி வீட்டில், நடு அறையில் கறையான் வந்தால் ஐந்து வருட வாரண்டி பேசாது. வருடாந்திரச் சோதனைக்குக் கட்டணம் உண்டா, அதைத் தவறவிட்டால் வாரண்டி போய்விடுமா, தரையை உடைத்து டைல்ஸ் மாற்றினால் என்ன ஆகும் என்பவற்றையும் கேளுங்கள். சோதனைக்கு வருடம் 150 வெள்ளி என்றால், மீதி நான்கு வருடத்துக்கு 600 வெள்ளியைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இலவசச் சோதனையோடு வரும் இரண்டு வருட வாரண்டி பல வீடுகளுக்கு மேல்.

மலேசியாவில் இந்தத் தொழிலை நடத்த, 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் லெம்பாகா ராச்சுன் மக்லுக் பெரோசாக் எனும் வாரியத்தின் உரிமம் வேண்டும். மருந்துப் புட்டியில் அந்த வாரியத்தின் எல்.ஆர்.எம்.பி. பதிவு எண் அச்சாகியிருக்கும். கலக்கும்போது பக்கத்தில் நின்று அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். நேர்மையான ஆள் அதற்குக் கோபப்பட மாட்டார். கோடு கிழித்த வீட்டுப் படம், துளைகளின் படம், வருகைத் தேதிகளில் வாங்கிய கையெழுத்து, ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். சொன்ன வேலையைச் செய்யவில்லை என்றால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே உங்கள் பக்கம் பேசப்போவது அந்த உறையில் இருப்பவைதான். விலைத் தாளிலும் ‘250 அடி, 167 துளை, 380 லிட்டர்’ என்று எழுதியிருந்தால், எந்த வேலை விடுபட்டது என்பதை நடுவரிடம் எண்ணிக் காட்டிவிடலாம்.