குணமான பின்னும் ஏன் ‘பாசிட்டிவ்’? பி.சி.ஆர். சோதனை சொல்வதும் சொல்லாததும்

காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது, பசி திரும்பிவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. பிறகு ஏன் பரிசோதனை மட்டும் ‘பாசிட்டிவ்’ என்றே வருகிறது? கொரோனா தொற்றிலிருந்து மீண்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் எங்களிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். வடசென்னையில் இக்கேள்வியின் சுமை சற்றுக் கூடுதலாகவே இருந்தது. 2020 மே மாதத்தில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களுள் ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று மிகுந்திருந்தது. ஓர் அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகள் நிறைந்த பகுதியில், ‘இவரால் பிறருக்குப் பரவுமா, பரவாதா’ என்பது வீட்டுக்குள் யார் எங்கே உறங்குவது என்பதையே தீர்மானிக்கும் வினாவாகும். அதற்கு விடை காண, அந்தச் சோதனை எதைத் தேடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொரோனா வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. எனப்படும் ஒரு நீண்ட சரம். எழுத்துகளால் ஆன ஒரு வாக்கியமாக அதைக் கொண்டால், ஏறத்தாழ 30,000 எழுத்துகள் அதில் இருக்கும். பி.சி.ஆர். சோதனை இச்சரம் முழுவதையும் படிப்பதில்லை. சுமார் நூறு எழுத்து நீளமுள்ள, இவ்வைரஸுக்கே உரிய ஓரிரு பகுதிகளை மட்டுமே தேடுகிறது. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் கொண்டால் போதும். பின்வருபவை அனைத்தும் இதிலிருந்தே விளங்கும்.

மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியில் வைரஸின் ஆர்.என்.ஏ. மிகச் சிறிய அளவிலேயே இருக்கும். நேரடியாகக் காண இயலாது. ஆகவே ஆய்வகத்தில் முதலில் அதை ஒரு நொதியின் துணையால் டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதுகிறார்கள். பிறகு நகலெடுப்பு தொடங்குகிறது. கருவி மாதிரியைச் சுமார் 95 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கும், டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரியும். வெப்பத்தைச் சுமார் 60 பாகைக்குக் குறைத்ததும், தேடப்படும் பகுதியின் இரு முனைகளிலும் சென்று ஒட்டுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட சிறு துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அத்துணுக்குகளிலிருந்து தொடங்கி, மற்றொரு நொதி இடைப்பட்ட எழுத்துகளை நிரப்பி ஒவ்வோர் இழைக்கும் ஓர் இணையை உருவாக்கும். ஒன்று இரண்டாகிவிட்டது. இதுவே ஒரு சுழற்சி.

சாதாரண நொதியாக இருந்தால் 95 பாகையில் அது பாழாகிவிடும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்த நொதிதான் அந்தச் சூட்டையும் தாங்கி, இம்முறையை நடைமுறைக்கு ஏற்றதாக்கியது. முறையை வகுத்த கேரி முல்லிஸுக்கு 1993இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, நான்கு எட்டாகப் பெருகும் இக்கணக்கில் பத்துச் சுழற்சிகளில் ஒரு துண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாகும். இருபதில் பத்து லட்சத்தைத் தாண்டும். நாற்பதில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. ஒவ்வொரு நகல் உருவாகும்போதும் ஒளிரும் பொருள் ஒன்றும் கலவையில் சேர்க்கப்பட்டிருப்பதால், நகல்கள் பெருகப் பெருக ஒளியும் பெருகும். அவ்வொளி ஒரு குறிப்பிட்ட வரம்பைக் கடக்கும் சுழற்சியின் எண்ணைக் கருவி குறித்துக்கொள்கிறது. அறிக்கையில் Ct என்று அச்சிடப்படும் சி.டி. மதிப்பு அதுவே.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறோம். இதற்கும் நெஞ்சு சி.டி. ஸ்கேனுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஸ்கேன் அறிக்கையில் நுரையீரல் பாதிப்பை 25க்கு இத்தனை என்று குறிக்கும் மதிப்பெண் வேறு. அதில் எண் கூடினால் பாதிப்பு மிகுதி. இதில் எண் கூடினால் மாதிரியில் வைரஸ் துண்டுகள் குறைவு. இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு அஞ்சியவர்கள் பலர்.

எண் கூடினால் ஏன் துண்டுகள் குறைவு? நிறைய துண்டுகளுடன் தொடங்கிய மாதிரி சில சுழற்சிகளிலேயே வரம்பை எட்டிவிடும். சிலவற்றுடன் தொடங்கியது பலமுறை இரட்டித்த பின்னரே எட்டும். சி.டி. மதிப்பு ஒன்று கூடினால் தொடக்க அளவு பாதியாகிறது. மூன்றுக்குச் சற்று மேல் கூடினால் பத்தில் ஒரு பங்காகிறது. 20க்கும் 30க்கும் உள்ள இடைவெளி வெறும் பத்தன்று, ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இது ஒருவருடைய வரலாறன்று; எங்களிடம் வந்த பலருடைய நிலையை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது. திருவொற்றியூரில் வசிக்கும் கப்பல் பணியாளர் ஒருவர் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். ‘நெகட்டிவ்’ சான்று இல்லாமல் ஏற இயலாது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளில் அவருடைய சி.டி. மதிப்பு 19. ஏழாம் நாளில் காய்ச்சல் முற்றிலும் விட்டது. பதினாறாம் நாளில் நலமாக இருந்தபோதும் சோதனை பாசிட்டிவ், மதிப்பு 31. இருபத்து நான்காம் நாளிலும் பாசிட்டிவ், மதிப்பு 34. இருபத்தேழாம் நாளில் நெகட்டிவ் என்று வந்தது. வீட்டார் மகிழ்ந்தனர். கப்பல் ஏறும் முன் இருபத்தொன்பதாம் நாளில் மீண்டும் எடுத்தபோது பாசிட்டிவ்! ‘மறுபடியும் தொற்றிக்கொண்டதா?’ என்று கலங்கி வந்தார்.

கணக்கைப் பார்ப்போம். 19க்கும் 31க்கும் இடையே பன்னிரண்டு சுழற்சிகள். அதாவது வைரஸ் துண்டுகள் நாலாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. 34இல் அதிலும் எட்டில் ஒரு பங்கே எஞ்சியது. இவ்வளவு அருகிவிட்ட நிலையில், பஞ்சுக்குச்சி மூக்கின் எந்த மூலையைத் தொட்டது என்பதைப் பொறுத்து ஒருநாள் சில துண்டுகள் சிக்கும், மறுநாள் சிக்காது. நெகட்டிவ், பாசிட்டிவ் என மாறிமாறி வருவதற்கு இத்தற்செயலே காரணம். புதிய தொற்று அன்று.

எஞ்சியுள்ள துண்டுகள்தாம் எவை? வைரஸ் புகுந்த செல்கள் மடிந்து, மூக்கு, தொண்டை, நுரையீரல் உட்பரப்புகளிலிருந்து மெல்ல மெல்ல உதிர்கின்றன. அவற்றோடு வைரஸின் உடைந்த மரபுச் சரங்களும் வெளியேறுகின்றன. இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். காசிமேட்டில் ஏலம் முடிந்து மீன்கள் போன பிறகும் தரையில் செதில்கள் ஒட்டியிருக்கும். செதிலைப் பார்த்து எந்த மீன் வந்தது என்று சொல்லிவிடலாம், ஆனால் செதில் நீந்தாது. பி.சி.ஆர். தேடுவது நூறு எழுத்துகளை. பிறருக்குத் தொற்ற வேண்டுமானால் முப்பதாயிரமும் பழுதின்றி, உறையோடு இருக்க வேண்டும். அவ்வேறுபாட்டைக் காண, மாதிரியிலுள்ள வைரஸை உயிருள்ள செல்களில் வளர்த்துப் பார்க்க வேண்டும். உயர்நிலைப் பாதுகாப்புள்ள ஆய்வகங்களிலேயே அது இயலும். மருத்துவமனையில் செய்யும் சோதனையன்று.

அவ்வாறு வளர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒன்பது நோயாளிகளை ஆராய்ந்தபோது, எட்டாம் நாளுக்குப் பிறகு எந்த மாதிரியிலிருந்தும் உயிருள்ள வைரஸ் வளரவில்லை, பி.சி.ஆர். மட்டும் பாசிட்டிவாக நீடித்தது. அதே ஆண்டு தென்கொரியாவில், குணமடைந்து மீண்டும் பாசிட்டிவ் ஆன 285 பேரையும் அவர்களுடன் பழகிய 790 பேரையும் ஆராய்ந்தனர். மீண்டும் பாசிட்டிவ் ஆன காலத்தில் அவர்களிடமிருந்து பரவியதாக ஒரு தொற்றும் உறுதியாகவில்லை. வைரஸ் வளர்த்துப் பார்த்த 108 பேருடைய மாதிரிகளிலும் எதுவும் வளரவில்லை.

நம் நாட்டில் தொடக்கத்தில், 24 மணி நேர இடைவெளியில் இருமுறை நெகட்டிவ் வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவது என்ற விதி இருந்தது. நலமாக உள்ளவர்கள் வாரக்கணக்கில் படுக்கையில் காத்திருந்தனர். 2020 மே 8 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் இதைத் திருத்தியது. இலேசான நோயுள்ளவர்கள், அறிகுறி தொடங்கிப் பத்து நாள் கழிந்து, மூன்று நாள் காய்ச்சலின்றி இருந்தால் மறுசோதனையே இல்லாமல் வீடு திரும்பலாம் என்றாயிற்று. கவனக்குறைவென்று சிலர் அதை அக்காலத்தில் குறை கூறினர். எங்கள் கருத்தில் அது அறிவியலின்படி சரியான திருத்தம்.

அப்படியானால் சி.டி. மதிப்பு 30க்கு மேல் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று கொள்ளலாமா? கூடாது. தொற்றின் முதல் நாளிலும் துண்டுகள் குறைவாகவே இருக்கும். அப்போதும் 33 என்று வரும். ஏறும் வைரஸா, இறங்கும் வைரஸா என்று ஓர் எண்ணால் சொல்ல முடியாது. அறிகுறி தொடங்கிய தேதியும், ஐயமிருப்பின் ஓரிரு நாள் கழித்து எடுக்கும் இரண்டாம் மாதிரியுமே அதைச் சொல்லும். குச்சி மூக்கின் நுனியோடு நின்றுவிட்டாலும் எண் கூடிவிடும். வெவ்வேறு சோதனைத் தொகுப்புகள் வெவ்வேறு பகுதிகளைத் தேடுவதால், ஓர் ஆய்வகத்தின் 28ஐ மற்றோர் ஆய்வகத்தின் 31உடன் ஒப்பிடுவதும் பொருந்தாது. பாசிட்டிவ் என்பதற்கான மேல்வரம்பை 35இலிருந்து 24ஆகக் குறைக்கலாமா என்று மகாராஷ்டிர அரசு 2021இல் கேட்டபோது, தொற்றக்கூடிய பலர் விடுபட்டுவிடுவர் என்று ஐ.சி.எம்.ஆர். மறுத்தது. நோயின் கடுமையையும் இவ்வெண் காட்டாது. 17 உள்ளவர் வீட்டிலேயே தேறியதும், 29 உள்ளவருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டதும் உண்டு.

நம் கப்பல் பணியாளருக்குத் தேவைப்பட்டது இன்னொரு சோதனையன்று. முதல் சோதனையின் தேதி, அறிகுறி தொடங்கிய நாள், காய்ச்சல் விட்ட நாள், தற்போதைய உடல்நிலை ஆகியவற்றைக் குறிப்பிடும் மருத்துவச் சான்றே தேவை. இச்சான்றை ஏற்காத பணியிடங்களும் இருந்தன; அங்கே ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போனது. மேல் மூச்சுப் பாதையில் பி.சி.ஆர். பாசிட்டிவாக நீடிக்கும் காலம் சராசரியாக 17 நாள். 83 நாள் வரை நீடித்தவர்களும் உண்டு. எனவே தொற்றிலிருந்து மீண்டு மூன்று மாதத்திற்குள், அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு இச்சோதனையைத் திரும்பச் செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காசநோய்க்குச் செய்யும் சிபிநாட் சோதனையும் இவ்வகையினதே. இறந்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது காட்டிவிடுவதால், சிகிச்சை பலனளிக்கிறதா என்றறிய அதைப் பயன்படுத்துவதில்லை.

இருவகையினருக்கு மட்டும் மேற்கூறியவை அப்படியே பொருந்தா. குணமாகிச் சில வாரங்களுக்குப் பின் புதிதாகக் காய்ச்சல், இருமல் தொடங்கி, சி.டி. மதிப்பும் 20ஐ ஒட்டி இருந்தால், அதைப் பழைய துண்டு என்று ஒதுக்காமல் புதிய தொற்றாகவே கொள்ள வேண்டும். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோரின் உடலில் உயிருள்ள வைரஸே பல வாரங்கள் தங்கக்கூடும். அவர்கள் பத்து நாள் கணக்கைத் தாமாகக் கொள்ளாமல், தனிமையை எப்போது முடிப்பது என்பதைத் தமக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.