முதலில் விளிம்பைப் பார்

அன்புள்ள கண்ணம்மா,

அப்பத்தாவின் பதக்கத்திலிருந்து சிவப்புக் கல் ஒன்று கழன்று விழுந்ததாகவும், அது கெம்பா வெறும் கண்ணாடியா என்று வீட்டில் பேச்சு நடப்பதாகவும் எழுதியிருந்தாய். கழன்றது ஒருவகையில் நல்லதுதான். பழைய நகைகளில் பல கற்களை முதுகு மூடிக் கட்டி, அடியில் பளபளப்பான தகடு வைத்திருப்பார்கள். அப்போது கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் பாதி தகட்டினுடையது. டார்ச் வெளிச்சமும் ஊடுருவாது. இப்போது நீ எல்லாப் பக்கமும் பார்க்கலாம்.

இதோடு என் லூப்பை அனுப்புகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன மடக்கு லென்ஸ். அதைக் கண்ணுக்கு ஒட்டினாற்போலப் பிடி. பிறகு கல்லை லென்ஸ் அருகே கொண்டு வா. ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும். கல்லை இடுக்கியில் பிடித்து இரு கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்துக்கொண்டால் ஆடாது. இன்னொரு கண்ணை மூடாதே, சீக்கிரம் களைத்துவிடும்.

டார்ச்சை எடுத்ததும் கல்லுக்குள் வெளிச்சம் பாய்ச்சத்தான் கை துடிக்கும். எனக்கும் அப்படித்தான். பட்டறையில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு சிவப்புக் கல்லைத் தந்து பார்க்கச் சொன்னார்கள். நேரே டார்ச்சை அடித்தேன். உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மண்ணில் விளைந்த கல்லுக்குத்தான் இப்படித் துணுக்குகள் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மூத்த ஆசாரி எதுவும் பேசாமல் கல்லைத் துணியில் துடைத்துத் திரும்பத் தந்தார். புள்ளிகளைக் காணோம். எல்லாம் மேலே ஒட்டியிருந்த தூசி.

அதனால் முதல் வேலை துடைப்பது. அடுத்தது, டார்ச்சைச் சாய்வாக, மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும்படி பிடித்து, பட்டைகள் சந்திக்கும் விளிம்புகளைப் பார்ப்பது. நம் வீட்டுத் தூசியில் மணல் துகள் உண்டு. அது கண்ணாடியைவிடக் கடினம், மாணிக்கத்தைவிட மிருது. எனவே பல வருஷம் அணிந்த கண்ணாடிக் கல்லில் விளிம்புகள் மழுங்கி, சில்லுப் பெயர்ந்து, கீறல் விழுந்திருக்கும். மாணிக்கத்தில் அவை கத்திமுனை போல நிற்கும். ஆனால் பெட்டியிலேயே கிடந்த நகை என்றால் கண்ணாடியும் கூர்மையாகவே இருக்கலாம். அந்தப் பதக்கத்தை அப்பத்தா எவ்வளவு காலம் போட்டிருந்தாள் என்று உன் அப்பாவிடம் கேட்டுக்கொள்.

அன்று என் கையிலிருந்த கல்லின் விளிம்புகள் கூராக இருந்தன. கண்ணாடி இல்லை என்று நினைத்தேன். பிறகுதான் உள்ளே பார்த்தேன். டார்ச்சைப் பின்பக்கம் ஓரமாக வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பர் ஒன்றைப் போர்த்தச் சொன்னார் ஆசாரி. வெளிச்சம் பரவலானதும் கல்லை மெதுவாகத் திருப்பினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. ஒரு கோணத்தில் மட்டும் இசைத்தட்டின் பள்ளங்கள் போல மெல்லிய வளைகோடுகள் தெரிந்தன; இன்னும் கொஞ்சம் திருப்பியதும் மறைந்தன.

அதுதான் விடை. 1902-இல் வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினாத் தூளைச் சுடரின் வழியே விழச் செய்தால் உருகி, கீழே குமிழ் போல் திரண்டு வளரும். அதன் தலை உருண்டை என்பதால் அடுக்குகளும் வளைந்தே படியும். இயற்கையில் வளரும் படிகத்துக்குத் தட்டையான முகங்கள்; அதன் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாக மடிந்தோ இருக்கும். வளைந்திராது.

ஒன்றில் ஏமாந்துவிடாதே. மெருகிட்ட தடமும் கோடாகத் தெரியும். அது மேற்பரப்பில் மட்டும் இருக்கும். ஒரு பட்டையின் விளிம்போடு நின்று, அடுத்த பட்டையில் வேறு திசையில் ஓடும். உள்ளே இருக்கும் கோடு பட்டைகளைப் பொருட்படுத்தாமல் ஊடே போகும். உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் அவை எங்கே இருக்கின்றன என்று பார். மழுங்கிய விளிம்போடும், பாகு கலக்கினாற்போன்ற சுழல்களோடும் இருந்தால் கண்ணாடி. எல்லாக் குமிழிகளும் ஒரே தளத்தில் வரிசையாக இருந்தால், கல்லைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டுக் கோடு தேடு. இரண்டு துண்டுகளை ஒட்டிய கல்லாக இருக்கும்.

அப்பத்தா காலத்து நகை என்பதால் இயற்கைக் கல்லாகத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால், அந்த 1902-ஐ அவர்களுக்குச் சொல்.

வளைகோடும் குமிழியும் தெரியவில்லை என்றால் உடனே மாணிக்கம் என்று முடிவு கட்டாதே. வேறு சிவப்புக் கற்களும் உண்டு. வேறு முறைகளில் செய்த மாணிக்கத்தில் வளைகோடு இருக்காது. அங்கே லூப்பின் வேலை முடிந்துவிடும், பரிசோதனைக் கூடத்துக்குத்தான் அனுப்பவேண்டும். அதற்கு முன், பார்த்ததை எல்லாம் பென்சிலால் வரைந்து அனுப்பு: எந்த விளிம்பு, எந்தக் கோணம், டார்ச் எங்கே இருந்தது. பெயர் எதுவும் எழுதாதே. படத்தைப் பார்த்து நாம் இருவரும் பேசலாம்.

அன்புடன்,
பெரியப்பா