தடைக்காலத்தில் ஏறிய கார்டு கடன்: வேறு கார்டுக்கு மாற்றலாமா?

கேள்வி: தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் என் கணவருக்குப் பங்கு இருக்கிறது. வீட்டுக் கணக்கு வழக்கை நான்தான் பார்க்கிறேன். ஏப்ரலில் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி எஞ்சின் வேலை, பெயின்ட் வேலை எல்லாம் பார்த்தார்கள். கையில் காசு இல்லாததால் உதிரி பாகங்களை என் கிரெடிட் கார்டில் வாங்கினோம். ஏப்ரல் பில்லுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும்தான் கட்ட முடிந்தது. மே 18-ம் தேதி பில்லில் மொத்தம் 80,000 ரூபாய் காட்டுகிறது. கடைசி நாள் ஜூன் 7. வட்டி மாதம் 3.5 சதவீதம். என்னிடம் வேறொரு வங்கியின் கார்டும் உண்டு, வரம்பு 1,20,000 ரூபாய். அந்த வங்கி பேலன்ஸ் டிரான்ஸ்ஃபருக்கு இரண்டு திட்டம் சொல்கிறது. ஒன்று, 12 மாதத் தவணை, மாதம் 1.25 சதவீத வட்டி, பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம். இன்னொன்று, 90 நாளுக்கு வட்டியே கிடையாது, கட்டணம் 3 சதவீதம். எதில் மாற்றுவது? மாற்றினால் பழைய கார்டு கணக்கு அன்றோடு முடிந்துவிடுமா?

பதில்: மாற்றுங்கள். தவணைத் திட்டத்தையே எடுங்கள். ஆனால் 12 மாதம் வேண்டாம், 9 மாதமாகக் கேளுங்கள். பழைய கார்டு கணக்கு அன்றோடு முடியாது. அடுத்த பில்லில் ஒரு பாக்கி கட்டாயம் வரும். இந்த இடத்தில்தான் பலர் சிக்குகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், இப்போது நீங்கள் உண்மையில் கட்டும் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் 18 சதவீதம் உண்டு. 80,000-க்கு மாத வட்டி 2,800, அதற்கு ஜிஎஸ்டி 504. ஆக 3.5 என்று சொல்லப்படுவது உங்கள் கையிலிருந்து போகும்போது 4.13 சதவீதம். இவ்வளவு வாங்கலாமா என்று கேட்பீர்கள். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனவே இன்று நம்மைக் காக்க வட்டிக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை.

இந்தக் கடனைப் பழைய கார்டிலேயே வைத்து, புதிதாக எதுவும் வாங்காமல், மாதம் 9,500 ரூபாய் கட்டினால் முடிய 11 மாதம் ஆகும். வட்டியும் ஜிஎஸ்டியுமாக மட்டும் சுமார் 20,000 போகும். அதையே புதிய கார்டில் 1.25 சதவீதத்துக்கு 9 மாதத் தவணையாக மாற்றினால், மாதத் தவணை 9,454. ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து வட்டி 5,083, அதற்கு ஜிஎஸ்டி 915. பிராசஸிங் கட்டணம் 1,600, அதற்கும் ஜிஎஸ்டி 288. மொத்தச் செலவு 7,886 ரூபாய். ஏறத்தாழ 12,000 ரூபாய் மிச்சம்.

அவர்கள் சொல்லும் 12 மாதத்தை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் கடல்தான். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. முதல் தவணை ஜூலை பில்லில் வந்தால் 12-வது தவணை அடுத்த ஜூனில் வரும். அதாவது கடைசி இரண்டு மூன்று தவணை, வருமானமே இல்லாத அடுத்த தடைக்காலத்தில் வந்து நிற்கும். ஒரு தவணை தவறினாலும் அந்தத் தொகைக்கு 3.5 சதவீதம் போன்ற வழக்கமான கார்டு வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும். 9 மாதம் என்றால் மார்ச் பில்லோடு முடிந்துவிடும். மாதம் 7,221-க்குப் பதில் 9,454 என்பது கூடுதல் சுமைதான், ஆனால் படகு ஓடுகிற மாதங்களில் அதைத் தாங்குவது எளிது. ஆப்பில் 9 மாதம் காட்டாவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். தரவில்லை என்றால் 6 மாதம் முடியுமா என்று பாருங்கள். 12 மாதம் எடுத்துவிட்டுப் பிறகு முன்கூட்டியே அடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல வங்கிகள் அதற்குத் தனிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் வாங்குகின்றன.

வட்டியில்லாத 90 நாள் திட்டம் கேட்க இனிமையாக இருக்கும். 3 சதவீதக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 2,832 ரூபாய். 90 நாளுக்குள் 80,000-ஐயும் அடைக்க முடிகிறவருக்கு அது நல்ல திட்டம்தான். உங்களுக்கோ ஜூன் 15-க்கு மேல்தான் படகே இறங்கும். இரண்டரை மாதத்தில் அவ்வளவு வருமா? செப்டம்பரில் 30,000 மிச்சம் நின்றால் அன்றிலிருந்து அதற்கு 3.5 சதவீதம். இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரித் திட்டத்தில் மாற்றிய தொகை, பில்லில் கட்டாமல் நிற்கும் பாக்கியாகவே கருதப்படலாம். அப்படிக் கருதினால், அந்தக் கார்டில் புதிதாக மளிகை வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். தவணைத் திட்டத்தில், பில்லில் வந்த தொகையை முழுதாகக் கட்டிவிட்டால் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் நிபந்தனையைப் படித்துவிட்டே கார்டை உரசுங்கள். மாற்றிய பிறகு உங்களுக்கு அதில் மிஞ்சும் வரம்பு 40,000 மட்டுமே என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி நாளும் பில்லும். விண்ணப்பித்ததும் புதிய வங்கி பழைய கார்டு எண்ணுக்குப் பணத்தை அனுப்பும். இதற்குச் சில வேலை நாட்கள் ஆகும். உங்கள் கடைசி நாள் ஜூன் 7 என்பதால் மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பழைய கார்டு எண்ணை ஓர் எண் தப்பாகத் தட்டினால் பணம் எங்கோ போய் நிற்கும். இரண்டு முறை சரிபாருங்கள். ஜூன் 4 வரை பழைய கார்டில் வரவு காட்டவில்லை என்றால், காத்திருக்காமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிடுங்கள். பிறகு 80,000-மும் வந்து சேர்ந்தால் பழைய கார்டில் உங்கள் பணம் கூடுதலாக நிற்கும். அதை உங்கள் வங்கிக் கணக்குக்குத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

பணம் ஜூன் 5 அன்று வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஜூன் 18-ம் தேதி பழைய கார்டின் பில் வரும். அதில் 80,000 வரவு தெரியும். ஆனால் மொத்த பாக்கி பூஜ்யம் என்று இருக்காது. ஏப்ரல் பில்லை முழுதாகக் கட்டாததால் உங்களுக்கு வட்டியில்லாக் காலம் ஏற்கெனவே போய்விட்டது. வட்டி நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. மே 18 பில்லில் அன்று வரைக்கான வட்டிதான் சேர்ந்திருக்கும். மே 19 முதல் ஜூன் 5 வரையிலான 18 நாள் வட்டி அடுத்த பில்லில்தான் வரும். கணக்குப் போட்டால் 80,000 × 42 சதவீதம் × 18 ÷ 365, அதாவது 1,657 ரூபாய், ஜிஎஸ்டி 298, மொத்தம் 1,955. இது வங்கியின் பிழை இல்லை. ஆனால் “கடனைத்தான் மாற்றிவிட்டோமே” என்று பில்லைத் திறக்காமல் விட்டால், இந்தச் சிறிய தொகைக்குத் தாமதக் கட்டணம் விழும். நிலுவை என்று கடன் தகவல் நிறுவனத்துக்கும் தகவல் போகும். பார்த்த அன்றே கட்டிவிடுங்கள். ஜூலை பில்லும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் அந்தக் கணக்கு முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதிய கார்டின் முதல் பில்லும் திடுக்கிட வைக்கும். 9,454-தான் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். தவணை ஒரு வரி. அதில் அசல் 8,454, வட்டி 1,000. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 180 தனி வரி. பிராசஸிங் கட்டணம் 1,600 ஒரு வரி, அதற்கு ஜிஎஸ்டி 288 இன்னொரு வரி. எல்லாம் ஒரே பில்லில் வந்தால் 11,522 ரூபாய். இரண்டாம் மாதத்திலிருந்து தவணையும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் மட்டும்தான். அசல் குறையக் குறைய அந்த ஜிஎஸ்டியும் குறையும். சில வங்கிகள் பணம் அனுப்பிய நாளுக்கும் முதல் பில் நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்குத் தனியாக வட்டி போடும். அது உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வரிகளோடு சம்பந்தமில்லாமல் காப்பீடு, உறுப்பினர் கட்டணம் என்று ஏதாவது தெரிந்தால், அல்லது வட்டி 1.25-க்குப் பதில் 3.5-ல் போடப்பட்டிருந்தால், எழுத்தில் புகார் கொடுங்கள். திட்டத்தைக் காட்டிய ஆப் திரையைப் படமெடுத்து வைத்திருந்தால் அதுவே சாட்சி. 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.

விண்ணப்பத்தை வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ மட்டும் செய்யுங்கள். “உங்கள் கடனை மாற்றித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்” என்று யாராவது போனில் கேட்டால் அது மோசடி.

மாற்றிய பிறகு பழைய கார்டில் 80,000 வரம்பு மறுபடி திறந்திருக்கும். அதுதான் பெரிய ஆபத்து. இரண்டு கார்டிலும் கடன் ஏறி நிற்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் அங்கே வந்து சேர்கின்றன. ஆப்பிலேயே அதைப் பூட்டி வையுங்கள், அல்லது வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால், பாக்கி முழுதும் தீர்ந்த பின் மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 7 வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதி.

கடைசியாக ஒன்று. நகை இருந்தால், விண்ணப்பிக்கும் முன் நகைக் கடன் வட்டியையும் விசாரியுங்கள். ஆண்டுக்கு 15 சதவீதத்துக்குக் கீழே கிடைத்தால் இந்த பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரே தேவையில்லை. அடுத்த தடைக்காலத்துக்கு இப்போதே வழி பார்க்க வேண்டும். விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. டீசல், ஐஸ், கூலி போன்ற நடைமுறைச் செலவுக்கு 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4 சதவீதம்தான். டீசலுக்கும் ஐஸுக்கும் அந்தப் பணம் இருந்தால், மீன் விற்ற காசைப் படகு வேலைக்கு ஒதுக்க முடியும். படகின் பதிவுச் சான்றையும் மீன்பிடி உரிமத்தையும் எடுத்துக்கொண்டு, நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்கு உங்கள் கணவரைப் போகச் சொல்லுங்கள். ஏப்ரல் வரை தள்ளிப்போட வேண்டாம்.